சுக்கிரனும் செவ்வாயும் ஏழில் கூடினால்: தரகர் சொன்னதும் ஜாதகம் சொல்வதும்

கேள்வி: ஐயா, என் மகள் 1991 ஜூன் 22 இரவு 8.40 மணிக்குத் திருச்சியில் பிறந்தவள். மகர லக்னம், சுவாதி நட்சத்திரம். ஏழாம் வீட்டில் சுக்கிரனும் செவ்வாயும் சேர்ந்திருப்பதால் "ஆசை அதிகம், ஒரு இடத்தில் நிலைக்க மாட்டாள், இரண்டு தாரம்" என்று தரகர் சொல்லிவிட்டார். வேலையும் நாலு மாறிவிட்டாள். கைப்பேசியில் பார்த்தால் இரண்டு கிரகமும் சிம்மத்தில் என்று காட்டுகிறது, அது வேறு குழப்பம். இப்போது சனி தசையில் செவ்வாய் புக்தி நடக்கிறதாம். பெரிய பரிகாரம் செய்தால்தான் கல்யாணம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: அம்மா, கைப்பேசிக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். அது மேலை நாட்டு முறையில் கணக்கிடும் செயலியாக இருக்கும். அவர்கள் வசந்த சமநாள் புள்ளியிலிருந்து எண்ணும் சாயன ராசி வைத்துச் சொல்கிறார்கள், நாம் நட்சத்திரங்களை வைத்து எண்ணும் நிராயண ராசி. 1991-இல் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 23 பாகை 44 கலை. அந்தச் செயலியில் சிம்மம் 16 பாகையை ஒட்டிக் காட்டும் சுக்கிரனும் செவ்வாயும், நம் கணக்கில் கடகம் 22 பாகையை ஒட்டி வருகிறார்கள். இரண்டுமே சரிதான். ஆனால் அங்கே ராசியைப் படித்துக்கொண்டு வந்து இங்கே பலன் சொல்லக் கூடாது.

அன்றைக்கு இரண்டு கிரகங்களும் ஒரே ராசியில் மட்டுமல்ல, ஒரே பாகைக்குள் நின்றன. சூரியன் மிதுனத்தில் 7 பாகையை ஒட்டி இருந்ததால், சுக்கிரனுக்கும் சூரியனுக்கும் இடையே ஏறக்குறைய 45 பாகை. சுக்கிரன் சூரியனை விட்டு அதிகபட்சம் போகக்கூடிய தூரமே 47 பாகைதான். ஆகவே சூரியனை நெருங்கிப் பலமிழக்கும் அஸ்தங்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வாரம் பொழுது சாய்ந்ததும் மேற்கு வானத்தில் சுக்கிரன் பளிச்சென்றும், ஒட்டினாற்போல் செவ்வாய் மங்கலான சிவப்பிலும், நாலைந்து பாகை தள்ளிக் குருவும் வெறுங்கண்ணுக்கே தெரிந்தார்கள்.

குரு அங்கே இருந்தார் என்பதைக் கவனியுங்கள். தரகர் சொன்ன பலனில் அவர் இல்லவே இல்லை.

"ஆசை அதிகம்" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். வராகமிகிரர் பிருஹத் ஜாதகத்தில் இரு கிரகச் சேர்க்கைப் பலன்களை வரிசையாகச் சொல்கிறார். செவ்வாயோடு சுக்கிரன் சேர்ந்தால் ஆநிரை காப்பவன், மல்லன், திறமைசாலி, பிறர் மனைவியரை நாடுபவன், சூதாடி என்று ஐந்து பலன்கள் அங்கே உண்டு. இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் உருவி எடுத்துப் பெண் வீட்டாரிடம் சொல்வதுதான் வழக்கமாகிவிட்டது. இதே சேர்க்கைக்காக "உங்கள் மகள் மல்யுத்தம் செய்வாளா?" என்று எந்தத் தரகரும் கேட்பதில்லை. இன்னொன்று, அந்தப் பலன் இரண்டே கிரகங்கள் கூடும்போது சொன்னது. மூன்றாவதாக ஒருவர் சேர்ந்துவிட்டால் கணக்கே வேறு. சாத்திரத்தில் மூன்று கிரகச் சேர்க்கையைத் தனியாகத்தான் பார்ப்பார்கள்.

சேர்க்கைக்கு அலைபாயும் குணம் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. செவ்வாய் வேகம், துணிவு, கோபம், உடனே செய்து முடிக்கும் உந்துதல். சுக்கிரன் விருப்பம், ரசனை, சுகம், இணக்கம். இயற்கையில் இவர்கள் ஒருவருக்கொருவர் சமம், பகை இல்லை. ஆனால் ஒரே வீட்டில் உட்கார்ந்த இரு கிரகங்கள் தற்காலிகப் பகை ஆவார்கள் என்பது விதி. ஒரு கிரகத்துக்கு 2, 3, 4, 10, 11, 12-ஆம் வீடுகளில் இருப்பவர்தான் தற்காலிக நண்பர். சமமும் தற்காலிகப் பகையும் சேர்ந்தால் பகை. அதனால் விருப்பம் எழுந்த உடனே அதை அடைய வேண்டும் என்ற அவசரமும் கூடவே எழும், கிடைத்ததும் அடுத்ததைத் தேடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இது காதல் விஷயத்துக்கு மட்டும் சொன்னதல்ல. உடை, வீடு, வண்டி, வேலை என்று எதிலும் வரும். வடிவமைப்பு, நடனம், விளையாட்டு, அறுவை சிகிச்சை போல ரசனையும் கைவேகமும் ஒன்றாகத் தேவைப்படும் தொழில்களில் இதே சேர்க்கை நன்றாக வேலை செய்யும் என்றும் சொல்வார்கள்.

மரபுக்கு மரபு பார்வையும் மாறுகிறது. பிருகு நந்தி நாடி முறையில் பெண் ஜாதகத்தில் செவ்வாய் கணவனைக் குறிப்பவர், சுக்கிரன் அந்தப் பெண்ணையே குறிப்பவர். அந்தக் கண்ணால் பார்த்தால் இருவரும் ஒரே ராசியில் இருப்பது கணவன் மனைவி சேர்ந்திருப்பதற்கான அமைப்பு. ஒரே சேர்க்கையை ஒரு மரபு ஐயத்தோடும் இன்னொரு மரபு நிம்மதியோடும் பார்க்கிறது. கிரேக்கர்களின் கதையிலும் இந்த இரு கிரகங்களுக்கு உரிய தெய்வங்கள் கள்ளக் காதலில் கணவனின் வலையில் மாட்டிக்கொள்வார்கள். மேலை நாட்டுச் சோதிடத்தில் இந்தச் சேர்க்கையைக் காம வேகத்தோடு இணைத்துப் பேசுவதில் அந்தக் கதைக்கும் பங்கு உண்டு. உங்கள் மகளின் ஜாதகத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இனி இந்த ஜாதகத்துக்கு வருவோம். இரு கிரகங்கள் ஒரு பாகைக்குள் வந்தால் கிரக யுத்தம். யார் ஜெயித்தவர் என்பதில் நூல்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சுக்கிரன் பெரும்பாலும் வெற்றி பெறுவார் என்று சூரிய சித்தாந்தம் சொல்கிறது, ஒளியை வைத்துப் பார்த்தாலும் அன்று சுக்கிரன்தான் பிரகாசம். செவ்வாய் தோற்றவர். அதோடு கடகம் அவருக்கு நீச வீடு, 28 பாகையில் பரம நீசம். இத்தோடு நிறுத்தினால் "நீசச் செவ்வாய் ஏழில்" என்று பயமாகத்தான் இருக்கும். ஆனால் நீசத்தின் கெடுதலை நீக்கும் நீச பங்கம் என்று ஒன்று உண்டு. நீசம் பெற்ற வீட்டின் அதிபதியான சந்திரன் லக்னத்துக்கு 1, 4, 7, 10 ஆகிய கேந்திரங்களில் ஒன்றில் இருக்க வேண்டும்: துலாத்தில், மகர லக்னத்துக்குப் பத்தில் இருக்கிறார். கடகத்தில் உச்சம் பெறும் குரு கேந்திரத்தில் இருக்க வேண்டும்: அதே கடகத்தில் உச்சமாகவே இருக்கிறார். செவ்வாயின் உச்ச வீட்டுக்காரரான சனி கேந்திரத்தில் இருக்க வேண்டும்: லக்னத்திலேயே ஆட்சியாக உட்கார்ந்திருக்கிறார். இதில் ஒன்று இருந்தாலே போதும் என்பார்கள், இங்கே மூன்றும் இருக்கின்றன. நவாம்சத்தில் 20 பாகை முதல் 23 பாகை 20 கலை வரை கடகத்தில் மகர அம்சம். அதனால் செவ்வாய் அம்சத்தில் உச்சம்.

ஒரு எச்சரிக்கை. நான் சொன்ன பாகைகள் திருக்கணிதப்படி. வாக்கியப் பஞ்சாங்கத்தில் செவ்வாயின் பாகை சற்று விலகி வரக்கூடும். 22 பாகை ராசியின் எல்லையில் இல்லை என்பதால் ராசி மாறாது. ஆனால் ஒரு நவாம்சம் 3 பாகை 20 கலைதான், கிரக யுத்தமோ ஒரே பாகைக்குள். அதனால் அம்சமும் யுத்தமும் மாறிப்போகலாம். உங்கள் கையில் இருக்கும் கட்டம் எந்தப் பஞ்சாங்கத்தில் எழுதியது என்று கேட்டு வையுங்கள். இரண்டு சோதிடர்கள் இரண்டு விதமாகச் சொல்வதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

தரகர் தவறவிட்டதில் முக்கியமானது பரிவர்த்தனை. சுக்கிரன் சந்திரனுடைய கடகத்தில், சந்திரன் சுக்கிரனுடைய துலாத்தில். ஏழாம் அதிபதியும் பத்தாம் அதிபதியும் வீடு மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். பரிவர்த்தனை பெற்ற கிரகம் தன் சொந்த வீட்டில் இருப்பதைப் போலவே பலன் தரும் என்பது விதி. அப்படியானால் சுக்கிரன் பார்வைக்குச் செவ்வாயோடு ஏழில் இருந்தாலும், பலத்தைப் பத்தாம் வீட்டிலிருந்து எடுக்கிறார். மகர லக்னத்துக்குச் சுக்கிரன் 5-க்கும் 10-க்கும் உடையவர், இந்த லக்னத்துக்கு யோககாரகரே அவர்தான். அவர் செவ்வாயின் பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காக அவரைக் கெட்டுப்போனவர் என்று ஒதுக்குவது பெரிய பிழை.

இந்தப் பரிவர்த்தனையின் நேரடி அர்த்தம், திருமணமும் தொழிலும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன என்பது. வேலை பார்க்கும் இடத்தின் வழியாக வரன் வருவது, அல்லது மகளின் வேலையை மதிக்கும் வீடாக இருந்தால்தான் பேச்சு முடிவது, இப்படி இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். வரன் பார்க்கும்போது "கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடுவாள்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இந்த ஜாதகத்துக்கு அந்த வாக்கு நிற்காது.

வேலை மாறுகிறாளே என்றீர்கள். அதற்கும் சுக்கிரன் செவ்வாய் சேர்க்கை காரணமில்லை. செவ்வாய்க்கு 4, 7, 8-ஆம் பார்வைகள் உண்டு. கடகத்திலிருந்து நாலாம் பார்வை துலாத்தில், பத்தாம் வீட்டில் இருக்கும் சந்திரன் மேல் விழுகிறது. சனிக்கு 3, 7, 10-ஆம் பார்வைகள். மகரத்திலிருந்து பத்தாம் பார்வையும் அதே சந்திரன் மேல்தான். மனசுக்குக் காரகரான சந்திரனை ஒருவர் "கிளம்பு" என்று தள்ளுகிறார், இன்னொருவர் "இரு" என்று பிடித்து இழுக்கிறார். வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில் சலிப்பு, விடவும் முடியாமல் சில காலம் உள்ளுக்குள் புழுக்கம், பிறகு ஒரே நாளில் ராஜினாமா, இப்படி இருந்ததா என்று மகளிடம் கேளுங்கள். ஆம் என்றால் நான் சொல்லும் காரணம் பொருந்துகிறது. அப்படி இல்லாமல் சம்பளம் கூடியதாலோ கம்பெனி மூடியதாலோ மாறியிருந்தால் அதில் கிரகத்துக்கு வேலையே இல்லை. நாலு வேலை மாறுவது இந்தக் காலத்தில் சாதாரணம்.

"இரண்டு தாரம்" என்பதற்கு ஏழாம் வீட்டில் எத்தனை கிரகம் என்று எண்ணிப் பார்த்தால் போதாது. ஏழாம் அதிபதியின் பலம் வேண்டும். இங்கே அவர் வளர்பிறைச் சந்திரன், கேந்திரத்தில், பரிவர்த்தனையில். ஏழில் உச்ச குரு. எதிரே லக்னத்தில் ஆட்சி பெற்ற சனி ஏழாம் பார்வையாக அந்த வீட்டைப் பார்க்கிறார். சனி பார்ப்பதால் தாமதம் உண்டு, அது நடந்தும் இருக்கிறது. தாமதத்தை இரண்டு தாரம் என்று மாற்றிச் சொல்ல ஆதாரம் எதுவும் இந்தக் கட்டத்தில் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு பெண்ணின் நடத்தைக்கு ஜாதகம் சாட்சி அல்ல. கிரகச் சேர்க்கை ஒருவரின் சுபாவத்தில் எந்தப் பக்கம் இழுப்பு இருக்கும் என்று சொல்லும், அவர் என்ன செய்தார், என்ன செய்வார் என்று சொல்லாது. அப்படிச் சொல்லும் தரகரை மாற்றிக்கொள்ளுங்கள்.

செவ்வாய் தோஷத்தை மறைக்க வேண்டாம், கணக்காகச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் லக்னம், சந்திரன், சுக்கிரன் மூன்றிலிருந்தும் 2, 4, 7, 8, 12-இல் செவ்வாய் இருந்தால் தோஷம் என்று எண்ணுவார்கள். லக்னத்துக்கு ஏழில் இருப்பதால் தோஷம் உண்டு. சந்திரனுக்குச் செவ்வாய் பத்தில், தோஷம் இல்லை. சுக்கிரனோடு சேர்ந்திருப்பதால் சுக்கிரனுக்கு ஒன்றில், நம் எண்ணிக்கையில் ஒன்றாம் இடம் இல்லை, அதனால் அங்கேயும் தோஷம் இல்லை. வட இந்தியர்கள் இரண்டை விட்டுவிட்டு ஒன்றை எண்ணுவார்கள், அவர்கள் கணக்கில் சுக்கிரனிலிருந்தும் தோஷம் வரும். மூன்றில் ஒன்றுதான் நமக்கு. அதற்கும் குரு சேர்க்கை, சனி பார்வை இருந்தால் நிவர்த்தி என்பது தமிழ்நாட்டில் பரவலாக ஏற்ற விதி. எனவே வரனின் ஜாதகத்திலும் 2, 4, 7, 8, 12-இல் ஏதாவது ஒன்றில் செவ்வாய் இருந்தால் தாராளமாகப் பார்க்கலாம். அவருக்கும் சுக்கிரன் செவ்வாய் சேர்க்கை இருந்தே ஆக வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அப்படி ஒரு விதி இல்லை.

புக்தி பற்றி. நீங்கள் சொன்ன நேரத்துக்குத் திருக்கணிதப்படி செவ்வாய் புக்தி 2024 நடுவிலேயே முடிந்திருக்கும். சனி தசையில் செவ்வாய் புக்தி 1 வருடம் 1 மாதம் 9 நாள். ஏழில் இருக்கும் கிரகம் தன் புக்தியில் திருமணம் தரலாம். அவரே 11-க்கும் உடையவர் என்பதால் நினைத்தது கைகூடுவதற்கும் அவர்தான் பொறுப்பு. அதே நேரத்தில் சர லக்னத்துக்குப் பதினோராம் வீடு இடையூறு தரும் பாதக ஸ்தானம். அதனால் அந்தப் புக்தியில் பேச்சு வந்திருந்தாலும் அவசரமும் வார்த்தைத் தடிப்பும் சேர்ந்தே வந்திருக்கும். பெண் பார்த்த அன்றே தேதி குறிப்பது, சீர்வரிசைப் பேச்சை அதே மூச்சில் முடிப்பது, இவற்றை இனித் தவிருங்கள். முதல் சந்திப்புக்கும் நிச்சயத்துக்கும் இடையே இருவரும் நிதானமாகப் பேச அவகாசம் கொடுங்கள். 2026 ஜூன் தொடக்கத்தில் குரு கடகத்துக்கு வந்து அக்டோபர் கடைசி வரை இருக்கிறார், பிறந்தபோது குரு நின்ற அதே ராசியிலேயே, ஏழாம் வீட்டிலேயே. முடிவு எடுக்க அந்தக் காலம் வசதியானது.

இந்தப் புக்திக் கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. செவ்வாய்க்கு முன் சூரிய புக்தி 11 மாதம் 12 நாள், சந்திர புக்தி 1 வருடம் 7 மாதம். இரண்டையும் கழித்தால் செவ்வாய் புக்தி தொடங்கியதற்கு ஏறக்குறைய இரண்டரை வருடம் முன்பு சுக்கிர புக்தி முடிந்திருக்கும், அது நடந்தது 3 வருடம் 2 மாதம். பரிவர்த்தனை பெற்ற பத்தாம் அதிபதியின் புக்தி அது. அந்த மூன்று வருடத்தில் வேலையிலோ வரன் பேச்சிலோ குறிப்பிடத்தக்க ஏதாவது நடந்திருக்க வேண்டும். எதுவுமே நடக்கவில்லை என்றால் பிறந்த நேரத்தை ஐயப்பட வேண்டும்.

பரிகாரத்துக்குப் பெரிய தொகை எதற்கு? செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன்கோயில், சுக்கிரனுக்குக் கஞ்சனூர். திருச்சியிலிருந்து கும்பகோணம் வழியாக இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். ஓர் அர்ச்சனை போதும். வீட்டில் செவ்வாய்க்கிழமை துவரையும் வெள்ளிக்கிழமை மொச்சையும் சமைத்து யாருக்காவது கொடுங்கள். சேர்க்கையைப் "பிரிக்கும்" ஹோமம் என்று யாராவது சொன்னால், பிறந்த கட்டத்தில் கிரகத்தை யாரும் நகர்த்த முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. அன்று திருச்சியில் மகர லக்னம் தொடங்கியது இரவு எட்டேகால் வாக்கில். நீங்கள் சொல்லும் 8.40-க்கும் அதற்கும் இடைவெளி அரை மணி நேரம்கூட இல்லை. அந்த நேரம் ஆஸ்பத்திரிப் பதிவிலிருந்து எடுத்ததா, வீட்டில் நினைவிலிருந்து சொன்னதா என்று பாருங்கள். எட்டேகாலுக்கு முன் பிறந்திருந்தால் லக்னம் தனுசு. அப்போது மூவரும் எட்டாம் வீட்டில், சுக்கிரன் 6-க்கும் 11-க்கும் உடையவர், யோககாரகர் அல்ல. நான் மேலே பரிவர்த்தனைக்கும் நீச பங்கத்துக்கும் சொன்ன விளக்கத்தில் வீடுகள் எல்லாம் ஒன்று தள்ளிப் போகும். பதிவு கிடைத்தால் அந்த நேரத்தோடு மறுபடி எழுதுங்கள், கட்டத்தைப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம்.